மாமா கையெழுத்திட்ட தாள்

காக்களூரில் பட்டறை நடத்திய துளசிராமன் மாமா, கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கடனுக்கு இரும்புத் தகடு வாங்க, நிலப்பத்திரத்தை பேங்க்கில் வைத்து, பாக்கி நின்றால் பேங்க் கட்டும் என்று கேரண்டி வாங்கிக் கொடுத்திருந்தார். முதுகு போய்ப் பட்டறையை மூடியவர், கம்பெனிப் பாக்கியை முழுதாக அடைத்தார். நிலத்தை விற்றால்தான் ஆபரேஷன். கம்பெனி கேரண்டியை விடுவித்தால்தான் பத்திரம்.

கேரண்டியை விடுவிக்கச் சொல்லி நான் எழுதிக்கொடுத்த கடிதத்தை கம்பெனி மேனேஜர் ரகுராம் படித்தார்.

"இன்னா நைனா, இப்ப வந்துகீறியே? கேரண்டிய ஒரு வருஷம் நீட்டிக்கச் சொல்லி உன் லெட்டர பேங்க்குக்கு அனுப்பி, நீட்டியாச்சே."

"நான் எங்க சார் கேட்டேன்?"

"தேதி போடாம கையெழுத்துப் போட்டு வருஷா வருஷம் குடுப்பியே, அந்தத் தாளுதான். எல்லாரும் குடுக்கறதுதானே! இனி வருஷம் முடிஞ்சாத்தான் ஹெட் ஆபீஸ் விடும்."

"பாக்கியே இல்லியே சார்."

ரகுராம் நகலை நீட்டினார். மாமா தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழ முடியவில்லை. நான்தான் தூக்கிவிட்டேன்.