'வேண்டாம்' என்று ஒரு சொல்

எங்கள் ஜகார்த்தா அலுவலகத்தில் ரத்ரி ஏழு வருடமாக மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் விற்கிறாள். பல் மருத்துவர் ஹெண்டார்டோ அவளுக்கு "பிறகு பார்க்கலாம்" என்று பதில் போட்டிருந்தார். எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்வதில்லை. இப்படித்தான் சொல்லித் தொலைப்பார்கள்.

மேலாளர் வுலான் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். "சலுகைக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்னு போடு."

"அது பொய்யாச்சே, இபு" என்றாள் ரத்ரி. மேலதிகாரிப் பெண்களை நாங்கள் 'இபு', அதாவது அம்மா, என்றுதான் அழைப்போம்.

ரத்ரி அந்த வரியை எழுதவில்லை. "உங்கள் வரவேற்பாளர்கள் பழகச் சிரமப்படுவார்களோ என்று நீங்கள் யோசிக்கலாம். ஒரு மேசையில் மட்டும் ஒரு வாரம் இலவசமாகப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் 'வேண்டாம்' என்று ஒரு சொல் போதும், மறுபடி எழுத மாட்டேன்" என்று அனுப்பினாள்.

மாலைக்குள் அவர் சம்மதித்துவிட்டார்.

வுலானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இதையே பிடி கொடுக்காத மத்த நாப்பது டாக்டருங்களுக்கும் அனுப்பு! வேண்டாம்கிறவங்களுக்கு மூணு நாள் கழிச்சு மறுபடி எழுது."

"அப்படின்னா எனக்கு இந்த வேலையே வேண்டாம், இபு."

வுலான் சிரித்தபடி அவள் தோளைத் தட்டிச் சொன்னார்:

"பிறகு பார்க்கலாம்."