இந்த வாரம் பழம் இல்லை

பதினெட்டு வருஷம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசியவர் அவர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது, எது தாமதம் என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சொல்வார். ஒருநாள் கணினிக் குரல் வந்தது. இவருக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் இன்றும் ‘அறிவிப்பு அக்கா’தான். மெதுவாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

வேலை போன மறுவருஷம் சீத்தாப்பழ வியாபாரம் தொடங்கினார். இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு கணவனும் மனைவியும் நூற்றைம்பது மரம் வைத்திருந்தார்கள். சந்தைக்குப் போட்டால் பெட்டி இறங்குவதற்குள் பாதி கனிந்து நசுங்கிவிடும். அக்கா அவர்களிடம் நேரடியாகக் காயாக வாங்கி, மறுநாளே வீடுகளுக்குக் கொடுத்தார். கைபேசியில் ஒரு குழு. அதில் இருநூற்றுச் சொச்சம் குடும்பங்கள். செவ்வாய்க்கிழமை கேட்பார்கள், வெள்ளிக்கிழமை பெட்டி வாசலுக்கு வரும். முதல் வருஷம் ஜோராகப் போயிற்று.

இரண்டாம் வருஷம் பருவத்தின் நடுவில் அந்தத் தம்பதியில் மனைவி, தோட்டத்து அக்கா, தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அடுத்த வாரத்துக்கு எதுவும் எழுதிக்காதம்மா. காய் இல்ல.”

“இல்லன்னா? போன வாரம் நாப்பது பெட்டி வந்துச்சேக்கா!”

“வந்துச்சு. முடிஞ்சுபோச்சு. அடுத்தது வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும்.”

அடுத்த வெள்ளிக்கு ஏற்கெனவே முப்பத்தைந்து பேருக்கு ‘உண்டு’ என்று சொல்லியாயிற்று. அந்த நேரம் பார்த்து, பழச்சந்தையின் மொத்த வியாபாரி ஒருவர் வலிய வந்து பேசினார்.

“என்கிட்ட இருக்கு, எடுத்துக்கங்க. எந்த மரத்துல காச்சதுன்னு பழத்து மேல எழுதியா ஒட்டியிருக்கு?”

அக்கா ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு பத்துப் பெட்டி எடுத்தார். மிகவும் நச்சரித்த பத்துப் பேருக்கு அனுப்பினார். மற்றவர்களிடம் ‘வண்டி பழுது’ என்று ஒரு பொய்யைச் சொன்னார். பதினெட்டு வருஷம் வண்டிகளைப் பற்றிப் பேசிய வாய்க்கு அது தானாக வந்தது.

ஆறாம் நாள் குழுவில் ஒரு படம் விழுந்தது. எதிர்க் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் போட்டது. தட்டில் இரண்டு பழம். தோல் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. உள்ளே கத்தி இறங்காமல் சிக்கி நின்றது. கீழே ஒரே வரி: ‘இது உங்க தோட்டத்துப் பழமா? உண்மையைச் சொல்லுங்க.’

அடுத்தடுத்து இன்னும் நாலு பேர் தத்தம் தட்டுகளைப் படம் பிடித்துப் போட்டார்கள்.

அக்காவின் கணவர் தையல்காரர். முன்னறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் கைபேசியை நீட்டினார் அக்கா. பார்த்துவிட்டு மிதியிலிருந்து காலை எடுத்தார்.

“என்னங்க செய்யறது?”

“என்ன செய்யறது! அளவு தப்பா வெட்டிட்டா, துணிதான் சுருங்கிடுச்சுன்னு நான் சொன்னதுண்டா?”

“நீங்க சொன்னதில்ல.”

“ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். ரெண்டு பேருமே திரும்ப வரல.”

அக்காவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கொஞ்சம் அழுதார். நிலையத்தில் ‘வண்டி தாமதம்’ என்று மட்டும் சொன்னால் ஜனங்கள் ஜன்னலைத் தட்டுவார்கள். ‘பாலத்தில் வேலை நடக்கிறது, அதனால் தாமதம்’ என்று சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிடுவார்கள். அது அவருக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் செய்யவில்லை.

மறுநாள் காலை முதல் பேருந்தில் இருவரும் தோட்டத்துக்குப் போனார்கள். தோட்டத்து அக்கா இடுப்பில் கூடையோடு எதிரே வந்தார். நடந்ததையும், குழுவுக்கு ஒரு வீடியோ எடுக்க வந்திருப்பதையும் கேட்டதும் முகம் சுருங்கியது.

“சந்தைப் பழத்த எங்க பேர்ல குடுத்தியா?”

“குடுத்துட்டேன்க்கா. தப்புதான்.”

“இப்ப வீடியோ எடுத்து என்ன சொல்லப் போற? பழம் இல்ல, பழம் இல்லன்னா? இல்லாத சரக்குக்கு எவளாவது விளம்பரம் குடுப்பாளா?”

“எதனால இல்லங்கறதச் சொல்லணும்க்கா. அது எனக்கே தெரியாதே. நீங்க சொல்லுங்க, நான் அவங்களுக்குச் சொல்றேன்.”

தோட்டத்து அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு மரத்தடிக்கு நடந்தார். கிளையைத் தாழ்த்திப் பிடித்தார். ஒரு காயின் தோலில் மேடுமேடாக இருந்த கண்களைக் காட்டினார்.

“இத பாரு. கண்ணுக்குக் கண்ணு நடுவுல இடைவெளி விட்டு, வெளுத்த மஞ்சளா தெரியுதா? இதுதான் முத்தினது. பறிச்சு வெச்சா மூணு நாள்ல கனியும். இந்தப் பறிப்புல மிச்சம் இருக்கிறதே இந்த மாதிரி நாலஞ்சுதான்.” அதே கிளையில் இன்னொன்றைத் தொட்டார். “இது பாதி அளவு. கண்ணெல்லாம் பச்சையா, நெருக்கமா இருக்கு. இதுக்கும் அதுக்கும் நடுவுல இருக்க வேண்டிய காய் எங்க?”

அக்கா கிளை முழுக்கத் தேடினார். பெரியது இருந்தது, பாதியளவு இருந்தது. நடுத்தரம் ஒன்றுகூட இல்லை.

“பூவுலேர்ந்து பழத்துக்கு ஏறக்குறைய நாலு மாசம். நாலு மாசத்துக்கு முன்னால என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

“வெயில்... ஒரு மாசம் தெருவுல நடக்க முடியல.”

“அந்த ஒரு மாசமும் பூ பூத்துச்சு. சூட்டுலயும் வறண்ட காத்துலயும் காய் பிடிக்காமயே கருகி உதிர்ந்துச்சு. அப்புறம் மழை வந்துச்சு, புதுப்பூ வந்துச்சு. இந்தப் பாதிக் காய் அந்த மழைக்குப் பிடிச்சது. நடுவுல அந்த ஒரு மாசம் மரத்துக்கே காலி. அதான் உனக்கும் காலி.”

“முன்னாடியே பறிச்சுப் பழுக்க வெச்சா?”

“உன் டீச்சர் தட்டுல பாத்தியே, அதான் ஆகும். முத்தாத காய் கறுக்கும், கல்லாகும், இனிக்காது. போன வாரத்துக் காயைக் குளிர்பெட்டியில வெச்சிருந்து இப்ப தரலாமேன்னு கேக்காத. ரொம்பக் குளிர்ல வெச்சா தோல் கறுத்துப்போகும், சரியாவும் கனியாது. இது சேர்த்து வெக்கிற பழம் இல்ல.”

கணவர் இதையெல்லாம் பதிவு செய்திருந்தார். ஊசியில் நூல் கோக்கும் கை. படம் துளியும் ஆடவில்லை. ஆனால் ஒன்பது நிமிஷம் ஓடியது.

“ஒன்பது நிமிஷம் யாரு பாப்பாங்க?” என்றார் தோட்டத்து அக்கா. “நானே பாக்கமாட்டேன்.”

மறுபடி எடுத்தார்கள். முதல் தடவை அக்கா நிலையத்துக் குரலில் “பயணிகளின் கவனத்திற்கு” என்று தொடங்கிவிட்டார். இரண்டாம் தடவை மன்னிப்புக் கேட்கவே ஒரு நிமிஷம் போயிற்று. மூன்றாம் தடவை ஒரு காகம் அவரையும் மிஞ்சிக் கத்தியது. ஐந்தாவது சரியாக வந்தது: ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு.

“போன வெள்ளி பத்து வீட்டுக்குக் குடுத்தது இந்தத் தோட்டத்துப் பழம் இல்ல. சந்தையில வாங்கினது. வண்டி பழுதுன்னு சொன்னதும் பொய். அந்தப் பத்துப் பேருக்கும் அடுத்த பறிப்புல முதல் பெட்டிங்க, அதுவும் என் செலவுல. இப்ப ஏன் பழம் இல்லன்னு பாருங்க” என்று தொடங்கி, கிளையைக் காட்டி, பெரிய காயையும் பாதிக் காயையும் காட்டி, நடுவில் விரலை வைத்து, “இந்த இடம் வெயில் தின்ன இடம்” என்றார். கடைசியில், “நாலு வாரம் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். தேதி சொல்ல மாட்டேன். மரம் சொல்லட்டும்” என்று முடித்தார்.

கணவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்து, பாதியளவு காய் ஒன்றின் காம்பில் தளர்வாகக் கட்டினார். “வாரா வாரம் இதையே காட்டலாம்” என்றார். அவர் அன்று பேசியதிலேயே நீளமான யோசனை அதுதான்.

அன்று மாலைக்குள் பதினேழு பேர் குழுவிலிருந்து வெளியேறினார்கள். அக்கா ஒவ்வொரு பெயராக மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரிடமிருந்து பதிலே இல்லை. இரண்டாம் நாள் காலையில் டீச்சரின் குரல்பதிவு வந்தது.

“கறுத்த பழத்துக்குக் கோவம் இல்லம்மா. பொய்க்குத்தான் கோவம். முதல் பெட்டியெல்லாம் வேண்டாம், வரிசையிலேயே குடு. அடுத்த வாரம் அந்த நூல் கட்டின காயைக் கட்டாயம் காட்டு.”

காட்டினார். அரை நிமிஷம்தான். கண்கள் இன்னும் பச்சை, இன்னும் நெருக்கம். அடுத்த வாரமும் காட்டினார். விட்டுப்போன பதினேழு பேரில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். அவர்கள் இழுத்துக்கொண்டு வந்த புதியவர்கள் முப்பது பேர். ‘நம்ம காய் எப்படி இருக்கு?’ என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் அதற்குச் செல்லப்பெயர்கூட வைத்துவிட்டார்: ‘சிவப்பி’.

ஐந்தாம் வாரம் இரவுகள் குளிர்ந்தன. குளிர்ந்தால் காய் முத்துவது மந்தப்படும் என்றார் தோட்டத்து அக்கா. அதையும் அப்படியே சொன்னார் இவர். ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை.

ஏழாம் வாரம் தோட்டத்துக்குப் போனபோது சிவப்பியின் காம்பில் நூல் இருந்தது. பழத்தில் முக்கால் பாகம் இல்லை. மேல் கிளையில் ஒரு அணில் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. அக்கா திகைத்து நின்றார். தோட்டத்து அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அணில் தின்னா என்ன அர்த்தம் தெரியுமா? முத்தி, கனிஞ்சாச்சுன்னு அர்த்தம். மத்த மரமெல்லாம் பாரு!”

பார்த்தார். எங்கு பார்த்தாலும் கண் விரிந்த காய்கள். அணிலையும் மிச்சப் பழத்தையும் அப்படியே படம் எடுத்து அனுப்பினார்கள். கேமராவுக்குள் வரவே மாட்டேன் என்றிருந்த தோட்டத்து அக்கா தானாகவே முகத்தை நீட்டி, “எல்லாம் ஒண்ணா முத்திடுச்சு. ரெண்டு வாரம்தான். வேணுங்கறவங்க இப்பவே சொல்லுங்க, அப்புறம் திட்டாதீங்க” என்றார்.

அன்றைக்கே நூற்றிருபது பேர் கேட்டார்கள். பறித்த காய்களை வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் ஒற்றை அடுக்காக அடுக்கி, ‘அழுத்தினால் மெத்தென்று இறங்கும் நாளில் சாப்பிடவும்’ என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்தார்கள். டீச்சர் தன் முறை வரும்வரை காத்திருந்து, பெட்டியை வாங்க மாடியிலிருந்து தானே இறங்கி வந்தார்.

அந்த வாரக் கடைசியில் அக்காவின் கைபேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர். சற்றுத் தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

“உங்க வீடியோ பாத்தேம்மா. கிளையெல்லாம் வெட்டிக் கவாத்து பண்ணிவிட்டிருக்கேன். அதனால எங்க மரத்துலயும் இப்ப ஒண்ணுமே இல்ல. வந்து படம் எடுக்கறீங்களா?”

அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஏற்கெனவே பேருந்து நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கே வர்றோம்ண்ணே” என்றார் அக்கா. நாலு வீட்டுக்குக் கேட்டது.