தேதி இல்லாத மெயில்கள்

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா போன் செய்தார். முகப்பேர் மைதானத்தில் நான்கு ஸ்கூட்டர்களை வரிசையாக நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாராம்.

"எட்டுப் பேர் வரணும். ஒருத்திதான் வந்திருக்கா. அவளும் என் நாத்தனார்."

அக்கா பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மதுரைப் பக்கத்துக்காரர்; எனக்குப் பழக்கத்தில்தான் அக்கா. கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பும் அங்கேயே. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இயங்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் புரோகிராம் எழுதுகிறேன். அக்காவின் பயிற்சிக்கு நேரம் பதிவு செய்யும் செயலியை நான்தான் எழுதியிருந்தேன். யாராவது பதிவு செய்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வண்டி என்று பதிவு செய்தவருக்கு ஒரு மெயில் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். "பாதிப் பேருக்கு நம்பர் கொடுக்கப் பிடிக்கல பிள்ள. மெயில்னா யோசிக்காம கொடுக்குறாளுக" என்றார். ஐந்தாறு மாதம் ஒரு சிக்கலும் இல்லை.

நான் அடுத்த தெருதான். நைட்டி மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன். அக்கா வராத ஏழு பேரையும் அழைக்கப் பார்த்தார். நம்பர் இருந்த மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். மெயிலே வரவில்லை. ஸ்பேமில் தேடச் சொன்னேன். மூவருக்கும் அங்கேதான் கிடந்தது.

"ஒரு லோன் விளம்பரத்துக்கும் தலைமுடி எண்ணெய்க்கும் நடுவுல இருக்கு மேடம்" என்று ஒருத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாத்தனார் மட்டும் அன்று நான்கு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் என் முகவரிக்கே ஒரு நேரம் பதிவு செய்தேன். அந்த மெயிலும் நேராக ஸ்பேமுக்குப் போனது. முதலில் எல்லோரும் பார்ப்பதைத்தான் நானும் பார்த்தேன். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எங்கள் சர்வருக்கு அனுமதி இருக்கிறதா? இருந்தது. மெயிலின் டிஜிட்டல் கையொப்பம் சரியா? சரி. வாசகத்தில் 'இலவசம்', 'உடனே' மாதிரி ஏதாவது? 'ஹெல்மெட் கொண்டுவரவும்' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

எங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அண்ணனூரிலிருந்து மின்சார ரயிலில் வருபவர். டிபன் பாக்ஸோடு என் மேஜைக்கு வந்தார்.

"இன்னாமா, மூஞ்ச இப்டி வெச்சினு கீறே?"

சொன்னேன். ஒரு வாய் எலுமிச்சைச் சாதத்தை விழுங்கிவிட்டு, எங்கள் சோதனைப் பெட்டிக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னார். அங்கே வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் ஸ்பேம் வடிகட்டி மதிப்பெண் போட்டு, எதற்கு எவ்வளவு என்று மெயிலின் தலைப்பகுதியிலேயே எழுதிவைக்கும். பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு, மார்க் கூடினால் ஃபெயில்.

எங்களுக்கு நிறைய மார்க். காரணங்களும் இருந்தன. மெசேஜ்-ஐடி, அதாவது ஒவ்வொரு மெயிலுக்கும் இருக்கவேண்டிய தனி அடையாள எண், இல்லை. தேதி இல்லை.

"நீ இன்னாதான் அனுப்பிகினு கீறே?" என்று அண்ணன் என் புரோகிராமைத் திறந்தார். யாரிடமிருந்து, யாருக்கு, பொருள் என மூன்றே வரி. அதன் கீழே நேராக விஷயம். அவ்வளவுதான் தேவை என்று நினைத்து நான் கையால் எழுதியிருந்தேன்.

"இதே புரோகிராம்தாண்ணா ஆறு மாசமா ஓடுது! அப்ப மட்டும் எப்படிப் போச்சு?"

அண்ணன் ஸ்பூனை வைத்தார். "போன வாரம் உன் செயலியைப் புது மெஷினுக்கு மாத்துனோம்ல? அதுக்கு முன்ன அதுவும் மெயில் சர்வரும் ஒரே மெஷின்ல இருந்துச்சு. சொந்த ஊட்டுப் புள்ள மாரி. தேதி மறந்தா சர்வரே போட்டு அனுப்பும். இப்ப நீ வெளியிலேர்ந்து வர்ற ஆளு. வெளியாள் கொடுத்த மெயில்ல அது கை வெக்காது. இருக்கிறத அப்டியே அனுப்பிடும்."

ஆறு மாதமாக என் குறையை வேறொருவர் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தாலும் சிக்கல் பிடிபட்டதில் அப்படி ஒரு நிம்மதி.

"சர்வர்ல ஒரு வரி மாத்துனா அதுவே போட்டுக்கும். மாத்தட்டா?" என்றார்.

"வேணாண்ணா. மெயில் எழுதுறது என் புரோகிராம். தேதியும் அதுவே போடட்டும்."

ஒவ்வொரு மெயிலுக்கும் தனித்தனியாக, இன்னொன்றுக்கு வராத ஓர் எண்ணை உருவாக்கி, @ குறிக்குப் பின்னால் எங்கள் டொமைன் பெயரைச் சேர்த்து மெசேஜ்-ஐடி ஆக்கினேன். தேதிக்கும் ஒரு வரி. திரும்பச் சோதனைப் பெட்டிக்கு அனுப்பினேன். மெசேஜ்-ஐடி பற்றிய புகார் போய்விட்டது. தேதியைப் பற்றி மட்டும் புதுப் புகார்: தேதி செல்லாது.

மெயிலைத் திறந்து பார்த்தோம். தேதி இருக்கவேண்டிய இடத்தில் 'திங்கள்' என்று அழகான தமிழில் இருந்தது. பக்கத்தில் மாதத்தின் பெயரும் தமிழில்தான்.

அண்ணனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. கிழமை எல்லாம் தமிழில் வரவேண்டும் என்று அக்கா கேட்டிருந்ததால், செயலி முழுவதற்குமே மொழியைத் தமிழாக வைத்திருந்தேன். திரையில் தெரியும் தேதியோடு மெயிலின் தலைப்பகுதித் தேதியும் தமிழாகிவிட்டது. அங்கே மட்டும் கிழமையும் மாதமும் மூன்று எழுத்து ஆங்கிலத்தில், கடைசியில் நம் நேரத்துக்கு +0530 என்று, வரையறுத்த மாதிரியே இருந்தாக வேண்டும். கடைசியில் நான் கையால் எழுதியதையெல்லாம் தூக்கிவிட்டு, மெயில் உருவாக்குவதற்கென்றே ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் ஒரு புரோகிராம் தொகுப்பைப் பயன்படுத்தித் திருப்பி எழுதினேன். மெசேஜ்-ஐடியையும் தேதியையும் அதைக் கொண்டே போட்டேன். மெயிலின் உள்ளே கிழமை பழையபடி தமிழில்தான்.

மூன்றாவது மெயிலுக்குப் புகாரே இல்லை. என் சொந்த முகவரிக்கு அனுப்பியதும் இன்பாக்ஸின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. நான் கத்திய கத்தலில் கீழே லேத் பட்டறைக்காரர் ஒருவர் மேலே எட்டிப் பார்த்து, "யாருக்குமா கல்யாணம்?" என்றார். அண்ணன் எல்லோருக்கும் டீ சொன்னார்.

சாயங்காலம் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். புரியாது என்று நினைத்தேன்.

"தேதியும் கடித எண்ணும் இல்லாம அனுப்பியிருக்க, அதானே? எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல அப்படி ஒரு கடிதத்த தொடவே மாட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வராமல் போனவர்கள் எல்லோருக்கும் புது மெயில் அனுப்பினோம். அதற்கு முன்பே பழையதை ஸ்பேமில் கண்டுபிடித்தவர்களும் தங்களை விட்டுவிட்டார்களோ என்று பயந்து மறுபடி பதிவு செய்திருந்தார்கள். அந்த வாரத்துக்கென்று புதிதாகப் பதிவு செய்தவர்களும் சேர, அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் பதினோரு பேர். வண்டி நான்குதான். அக்கா விசிலை வாயில் வைத்தபடியே எல்லோரையும் திட்டினார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. காத்திருந்தவர்கள் வேப்பமரத்தடியில் ஒருவர் கொண்டுவந்த சுண்டலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

லோன் விளம்பரத்துக்குப் பக்கத்தில் மெயிலைக் கண்டுபிடித்தவளும் வந்திருந்தாள். இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி கிளம்பியவள், பாதித் தூரத்தில் கால்களை மேலே தூக்கினாள். "அக்கா, போகுது! தானாப் போகுது!" என்று கூவினாள். அக்கா பின்னாலேயே ஓடினார். நானும் ஏனென்று தெரியாமல் கூடவே ஓடினேன்.