படத்தில் நின்ற கார்

அந்த வருஷம் தஞ்சாவூரில் டிராக்டர் விற்பவனை யாரும் நல்ல கண்ணால் பார்க்கவில்லை. ஊருக்கு ஊர் கூலித் தகராறு. டிராக்டர் வந்தால் உழவுக்கு ஆள் வேண்டாம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் மூன்று வண்டிகளுக்குப் பணம் கட்டிவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "கூலிப் பேச்சு முடியிற வரைக்கும் வெளியில தெரியக் கூடாதுங்க."

மாதாந்திர விற்பனைக் கூட்டத்துக்கு மாவட்டத்து ஏஜென்டுகள் எல்லோரும் வந்திருந்தார்கள். டார்கெட்டைத் தாண்டிவிட்டதை, யாருக்கு எத்தனை என்று பிரிக்காமல், மாவட்ட மொத்தமாக மட்டும் சொன்னேன். புது வாடிக்கையாளர் யார் என்று கேட்டார்கள். "பெரிய விவசாயி ஒருத்தர். அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றேன்.

எங்கள் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் கடை வாசலில் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மிராசுதாரையும் நிறுத்தி எடுத்த படத்தைத் தூக்கிக் காட்டினார். "முகத்துல தாள் ஒட்டிட்டேன்ல, அப்புறம் என்ன?" என்று சிரித்தார். முகத்தை மறைத்த மனுஷன், பின்னால் நின்ற மிராசுதாரின் சாம்பல் நிறக் காரை மறைக்கவில்லை. அந்தக் காரை அறியாத ஏஜென்ட் அங்கே ஒருவர்கூட இல்லை.

ஏஜென்டுகள் வழியாகச் செய்தி ஊருக்குப் போய், மறுநாளே கூலிப் பேச்சு முறிந்தது. "பேசிக்கிட்டே வண்டியும் வாங்கிட்டாரே" என்று வேலையாட்கள் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் கோபத்தில் தப்பிருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. பார்க்கப் போன என்னை மிராசுதார் திட்டவில்லை. வீட்டு வாசலிலேயே நிறுத்தி, "போயிட்டு வாங்க" என்றார். திரும்பும் வழியெல்லாம் உழாத வயல்களில் தண்ணீர் சும்மா நின்றது.

வருஷக் கடைசியில் அதிக விற்பனைக்கென்று எனக்குக் கோப்பை கொடுத்தார்கள். அதில் என் பெயரைப் பெரிதாகப் பொறித்திருந்தார்கள்.