சாக்பீஸ் கோட்டைத் தாண்டிய எறும்பு

இல்வாவுக்கு எதையும் சட்டென்று சொல்ல வராது. சுவீடன் நாட்டு ஹெர்னோசாண்ட் ஊர்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் எல்லோரும் கை தூக்கி ஓய்ந்த பிறகுதான் அவளுக்குப் பதில் தோன்றும். ஆனால் ஒன்றைப் பார்க்க உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டாள்.

மே மாத அறிவியல் அறிக்கைக்கு ஆசிரியர் ரூனே கொடுத்த பொருள் எறும்பு. கூடவே தந்த தாளில் ஒரு வரி இருந்தது: ‘எறும்புக்குச் சாக்பீஸ் என்றால் பயம், கோட்டைத் தாண்டாது. சோதித்துப் பார்.’

இல்வாவும் கூட்டாளி மெல்கரும் பள்ளி முற்றத்துக் கல்தரையில் ஏலக்காய்ப் பன்னிலிருந்து உதிர்த்த சர்க்கரையை வைத்தார்கள். தனியாக அலைந்த ஓர் எறும்பு அதைக் கண்டது. வயிற்றைத் தரையில் உரசிக்கொண்டே புற்றுக்குத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் அதே வழியில் ஒரு சாரையே வந்தது. அந்தச் சாரைக்குக் குறுக்கே இல்வா கோடு இழுத்தாள். எறும்புகள் நின்றன, உணர்கொம்பை ஆட்டின, திரும்பின.

“பாத்தியா, பயந்துருச்சு! எழுதிட்டு வா, ஃபுட்பால் ஆரம்பிச்சுட்டாங்க” என்றான் மெல்கர்.

“நீ போ. நான் இன்னும் கொஞ்சம் பாக்கறேன்.”

ஆறாவது நிமிடம் ஒன்று தாண்டியது. பிறகு இன்னொன்று. பத்து நிமிடத்தில் கோடே இல்லாததுபோல் சாரை ஓடியது. இல்வாவுக்குக் குழப்பம். பயந்தது எப்படித் தாண்டும்? வேறிடத்தில், சாக்பீஸே இல்லாமல், ஈரவிரலால் சாரையின் குறுக்கே துடைத்தாள். அங்கேயும் அதே தடுமாற்றம்தான். மறுநாள் சாரையை ஒட்டிப் பக்கவாட்டில் கோடு போட்டாள். ஒன்றுகூடச் சட்டை செய்யவில்லை.

மூன்று நாளில் ஒன்பது தடவை செய்து பார்த்துவிட்டு, எழுத்துப்பிழைகளோடு எழுதினாள்: ‘எறும்பு சாக்பீசுக்குப் பயப்படவில்லை. முதல் எறும்பு வயிற்றை உரசித் தரையில் விட்டுச்சென்ற வாசனை அறுந்துபோனதால் நிற்கிறது. மறுபடி கண்டுபிடித்ததும் போகிறது.’

வகுப்பில் அவள் அதை வாசித்ததும் மெல்கர் கத்தினான்: “சார் தாள்லயே பயம்னுதானே போட்டிருக்கு! இவ என்ன சாருக்கு மேல பெரிய ஆளா?”

சிரிப்பு அடங்கியதும் ரூனே கேட்டார்:

“துடைச்சுப் பாக்கணும்னு உனக்கு யாரு சொன்னா, இல்வா?”

“யாரும் சொல்லல, சார். சாக்பீஸ் இல்லாமலும் நிக்குதான்னு பாக்கணும்ல.”

ரூனே பன்னும் சாக்பீசும் எடுத்துக்கொண்டு மொத்த வகுப்பையும் முற்றத்துக்கு இறக்கினார். இருபத்திரண்டு பேர் குனிந்து காத்திருந்தார்கள். ஏழாவது நிமிடம் முதல் எறும்பு கோட்டைத் தாண்டியபோது கத்தியது மெல்கர்தான்: “தாண்டிருச்சு! இல்வா, தாண்டிருச்சு!”

ரூனே நிமிர்ந்தார். “பன்னெண்டு வருஷமா இதைத் தப்பா சொல்லிக் குடுத்திருக்கேன். ஒரு தடவகூட உக்காந்து பாக்கல. இவ பாத்திருக்கா.”

இல்வாவிடம் தான் கொடுத்திருந்த தாளை வாங்கித் தன் வரியை அடித்துவிட்டு, மேலே பெரிய எழுத்தில் எழுதினார்: ‘இல்வாவின் சோதனைப்படி, எறும்புக்குச் சாக்பீஸ் பயம் இல்லை.’

இல்வாவின் காது சிவந்தது. அன்று மாலை, பேருந்து ஓட்டிவிட்டு வந்த அப்பா கதவைத் திறக்கும் முன்பே, வாழ்க்கையில் முதல்முறையாக அவள் முந்திக்கொண்டாள்:

“அப்பா, எங்க சார் சொன்னது தப்புன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன்!”