ஜெமீலா ஊதிய மூச்சு

திருகோணமலை மீன் துறையில் ஜெமீலாவின் தேத்தண்ணிக்கு இஞ்சி கொஞ்சம் கூடுதல். இரவுக் கடலில் நனைந்து வந்தவனுக்குத் தொண்டை எரிய வேண்டும், அப்போதுதான் வீடு போய்ச் சேருவான் என்பது அவள் கணக்கு. புருஷன் அவளை விட்டுப் போய்ப் புத்தளத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, நாலு கம்பும் ஒரு தகரமும் கட்டி ஏற்றிய கடை அது. வாய் பொல்லாதவள். ஆனாலும் துறையில் எல்லோருக்கும் அவள் ராத்தா, மூத்த அக்காதான்.

அவளுக்கென்று மிஞ்சியிருந்தது தம்பி அப்ராஸ். அவனை ஹெரோயின் தூள் பிடித்துக்கொண்டது. முதலில் அவளுடைய தோடு போனது, பிறகு காஸ் அடுப்பு போனது. கடைசியில் அவனும் வீட்டுக்கு வருவதை விட்டுவிட்டு, பழைய மீன் வாடிக் கொட்டில்களுக்குப் பின்னால் கிடந்தான்.

பெரியம்மாவின் பேத்தி சப்ரினா, கனடாவில் மருந்துக் கடையில் வேலை செய்பவள், நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது இரண்டு சிறிய வெள்ளைப் பொட்டலங்களை ஜெமீலாவின் கையில் வைத்தாள். உள்ளே மூக்கில் அடிக்கும் மருந்து. நலோக்சோன் என்று பெயர்.

"மாமி, தூள் கூடிப்போனா ஆள் நித்திரை மாதிரித்தான் கிடப்பான். மூச்சு மெல்ல மெல்ல நிக்கும். உதடு நீலமாகும். தட்டி எழுப்பியும் எழும்பாட்டி இதை அடிங்க. சரி வருமா எண்டு முதலே அமத்திப் பார்க்கக் கூடாது, ஒண்டுக்குள்ள ஒரு தரம் அடிக்கிற மருந்துதான் இருக்கு. ரெண்டு மூண்டு நிமிஷத்தில எழும்பாட்டி மற்ற மூக்கில மற்றதை அடிங்க. இடையில வாயில ஊதுங்க. எழும்பிட்டான் எண்டு விட்டுடாதீங்க. மருந்து இறங்கிடும், தூள் உடம்பில கிடக்கும். ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் கொண்டு போகோணும்."

ஜெமீலா அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பாடமாக்கினாள். பொட்டலங்களை அடுப்புச் சூடு படாத இடமாகப் பார்த்து, தோளில் மாட்டும் பைக்குள் வைத்துக்கொண்டாள். அப்ராஸுக்கென்றுதான் வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மீன் ஏலம் முடிந்து துறை ஓயும் நேரம், அப்ராஸ் ஓடி வந்தான்.

"ராத்தா, றிஸ்கான் எழும்புறான் இல்ல!"

சொல்லிவிட்டு மதிலேறிக் குதித்து மறைந்துவிட்டான்.

றிஸ்கான் ஆமினா உம்மாவின் இளைய மகன். மறியலில், சிறைக்குள் கிடந்து முதல் நாள்தான் வெளியே வந்திருந்தான். உள்ளே இருந்த மாதங்களில் உடம்பு தூளை மறந்திருக்கும், அவனோ பழைய அளவையே இழுத்திருக்கிறான். ஜெமீலா வாடிக்குப் பின்னால் போனபோது வலைக் குவியலில் சாய்ந்து கிடந்தான். தொண்டைக்குள் தண்ணீர் கொப்புளிப்பது போல ஒரு குறட்டை. அதுவும் விட்டுவிட்டு வந்தது. உதடு நாவற்பழம் தின்றவனுடையது மாதிரி இருந்தது. கூப்பிட்டாள். நெஞ்செலும்பில் முட்டியால் அழுத்தித் தேய்த்தாள். அசைவில்லை.

"அம்புலன்சுக்கு அடியுங்கடா!" என்று கத்தினாள். கூட்டம் சேர்ந்தது. பாதிப்பேர் ஃபோனை எடுத்தது படம் பிடிக்கத்தான்.

அவனை மல்லாத்தி, கழுத்தைத் தாங்கித் தலையைப் பின்னே சாய்த்தாள். பொட்டலத்தைக் கிழித்து, குழாயை விரல் மூக்கில் முட்டும்வரை உள்ளே விட்டு, அடிப்பக்கத்தை ஒரே அழுத்தாக அழுத்தினாள். பிறகு அவன் மூக்கைப் பொத்தி, வாயில் வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு ஏறி இறங்கியது. மறுபடி ஊதினாள்.

"பார்றா, அந்நிய ஆம்பிளைட வாயில வாய் வைக்கிறாள்" என்று யாரோ ஒருவன் சொன்னான். சிரிப்பும் கேட்டது.

அவன் எழும்பவில்லை. ஜெமீலா பையைத் தொட்டாள். மற்றது அப்ராஸுடையது. அது முடிந்தால் அவனுக்கு ஒன்றுமில்லை. கை ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் கிழித்து மற்ற மூக்கில் அடித்தாள்.

அவள் ஊதிக்கொண்டிருக்கும்போதே றிஸ்கான் பெரிதாக ஒரு மூச்சை இழுத்தான். ஓங்கரித்துச் சத்தி எடுத்தான். அவனைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினாள். கண் திறந்ததும், போதை ஒரேயடியாக இறங்கியதில் அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. "என்னடி செய்தாய் எனக்கு?" என்று கத்திக்கொண்டே அவள் முகத்தில் குத்தினான். ஜெமீலாவின் உதடு கிழிந்தது. கூட்டம் மறுபடியும் சிரித்தது.

அந்த நேரம் அவன் மூத்த சகோதரன் ஹஸன் வந்தான். அம்புலன்சுடன் கதைத்துக்கொண்டிருந்தவனின் ஃபோனைப் பறித்து, "ஒண்டுமில்ல, ஆள் எழும்பிட்டான், வர வேணாம்" என்று சொல்லி வெட்டினான்.

"ஹஸன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இந்த மருந்து கொஞ்ச நேரத்தில இறங்கிடும். திரும்பவும் மூச்சு நிக்கும். எனக்கிட்ட இனி மருந்தும் இல்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ் வரும். நேற்றுத்தான் மறியலால வந்தவன். தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருக்கு, தெரியுமா உங்களுக்கு?"

"அப்ப வீட்டில ஆராவது பக்கத்தில இருந்து பாருங்க. நித்திரை கொள்ள விடாதீங்க. குறட்டை விட்டா உடனே—"

"ராத்தா, நீங்க போய்த் தேத்தண்ணி ஊத்துங்க."

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஜெமீலா கிழிந்த உதட்டோடு வீதிவரை பின்னால் ஓடினாள். ஓட்டோ நிற்கவில்லை.

ஜும்மா முடிந்து ஆட்கள் திரும்பும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் சொன்னார்கள். றிஸ்கான்.

அடக்கம் முடிந்த கையோடு ஹஸன் ஆட்களோடு துறைக்கு வந்தான். "என்ட தம்பிட மூக்கில என்ன நஞ்சை அடிச்சாய்?" என்று கேட்டு, கொதிக்கிற கேத்தலை உதைத்தான். தகரத்தைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார்கள். அவள் இஞ்சித் தேத்தண்ணியில் வயிறு குளிர்ந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் றிஸ்கானின் வாயில் ஊதும் படம் அதற்குள் மூதூர்வரை போயிருந்தது. கீழே ஆட்கள் எழுதியிருந்ததை ஜெமீலா வாசிக்கவில்லை. மற்றவர்கள்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள்.

அப்ராஸ் அன்றிரவு கதவடிக்கு வந்தான். அழுவான் என்று நினைத்தாள்.

"எனக்கு வச்சிருந்ததையும் அவனுக்கா அடிச்சாய்?" என்று கேட்டான். பிறகு சட்டியில் சோறு இருக்கா என்று கேட்டான். போட்டுக் கொடுத்தாள்.

ஜெமீலா பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு வடை விற்கத் தொடங்கினாள். துறை ஆட்கள் மேசையைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டார்கள். புருஷனை இழந்து இத்தா இருந்து முடித்தவளைப் போல ஒடுங்கிப் போயிருந்த றிஸ்கானின் தாய் ஆமினா உம்மா ஒரு நாள் பகலில் அங்கே வந்தார். எதிரில் கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தினார். ஜெமீலா வடைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னியாமே புள்ள, உண்மையா?"

"ஓம் உம்மா. வீதிவரைக்கும் ஓடி ஓடிச் சொன்னனான்."

"ஹஸன் எனக்கு ஒண்டும் சொல்லல்ல." கிழவி முந்தானையைப் பிசைந்தார். "றிஸ்கான் வந்து படுத்தான். கொஞ்சத்தில குறட்டை விட்டான். எத்தன நாளைக்குப் பிறகு என்ட புள்ள நிம்மதியா நித்திரை கொள்ளுறான் எண்டு, சத்தம் கேக்காமக் கதவைச் சாத்தினது நான்தான். அந்தக் குறட்டை… அது நித்திரைதானே?"

ஜெமீலாவின் உதட்டில் காயம் இன்னும் ஆறவில்லை. கடலில் மிதந்துபோன தகரம் கண்முன் வந்தது. நஞ்சு வைத்தவள் என்று அவளைச் சொல்லாத வாய் இந்த ஊரில் இல்லை. ஒரு ஆளுக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று அவள் எத்தனை நாள் ஏங்கியிருந்தாள்.

"இல்ல உம்மா" என்றாள். "அதுதான் மூச்சு அடைக்கிற சத்தம். நீங்க அப்ப எழுப்பியிருக்கோணும்."

பஸ்ஸொன்று புகை கக்கிக்கொண்டு போனது. கிழவி கதிரையைப் பிடித்து எழும்பினார்.

"ஒரு பொய் சொல்லியிருக்க ஏலாதா உனக்கு?" என்றார்.