போர்டில் நான் அழித்த வரி

பரளச்சியில் நாங்கள் வளர்க்கும் நாட்டு மாடுகளின் பாலை அருப்புக்கோட்டையில் கடை போட்டு விற்கிறோம். கடை போர்டில் "ஏ2 பால்: சர்க்கரையும் இதய நோயும் அண்டாது" என்று என் கணவர் எழுதி வைத்திருந்தார். நானும் அதை நம்பித்தான் விற்றேன்.

ஒரு நாள் காலையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

"அக்கா, பால் குடிச்சாலே இவனுக்கு உடம்பெல்லாம் தடிச்சிருது. பால் அலர்ஜின்னு டாக்டரு சொன்னாக. உங்க பாலு ஒத்துக்கிரும்ல?"

எடுத்த பாட்டிலை என்னால் நீட்ட முடியவில்லை. எங்கள் மாடுகளைப் பார்க்கும் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன்.

"குடுத்திராதீகம்மா," என்றார் அவர். "சீமை மாட்டுப் பால்ல ஏ1, நாட்டு மாட்டுப் பால்ல ஏ2ன்னு சொல்ற வித்தியாசமெல்லாம் பால்ல இருக்குற ஒரு புரதத்துல, அதுலயும் ஒரு சின்னத் துணுக்குலதான். அலர்ஜியக் கிளப்புற புரதமெல்லாம் இதுலயும் இருக்கு. சில பேருக்கு வயிறு கொஞ்சம் லேசா இருக்கலாம். சர்க்கரை, இதயம்னு சொல்றதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல."

"இந்தப் பாலும் வேண்டாம் தாயி," என்று அவளிடம் சொன்னேன். முகம் வாடித் திரும்பிப் போனாள்.

அன்றே பெயின்ட் வாங்கி அந்த வரியை அழித்தேன்.

"யாவாரத்தக் கெடுக்கப் போறியா?" என்று கணவர் சத்தம் போட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு அலர்ஜி கூடி மூச்சு முட்டியிருந்தா யாரு பதில் சொல்றது? இனி அத எழுத விடமாட்டேன்."

"நாட்டு மாட்டுப் பால்" என்று மட்டும் எழுதினேன். சில வாடிக்கைகள் நின்றுபோயின. ருசிக்காக வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் பாலை ஊற்றுகிறேன்.